மூட்டையில் மிஞ்சியதற்கு என்ன விலை?

ஒரு மளிகைக் கடையின் ஏப்ரல் மாதத் துவரம்பருப்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் பருப்பு வாங்கக் கொடுத்தது 28,300 ரூபாய். விற்று வந்தது 26,350 ரூபாய். கல்லாவை மட்டும் பார்த்தால் 1,950 ரூபாய் நட்டம் போலத் தெரியும். உண்மையில் கடைக்கு லாபம்தான். அது எவ்வளவு என்று தெரிய, விற்காமல் கிடக்கும் பருப்புக்கு முதலில் விலை போட வேண்டும்.

மார்ச் முடிவில் மிஞ்சியிருந்தது 40 கிலோ; அடக்கவிலை கிலோ 130 ரூபாய். ஏப்ரல் 8 அன்று 100 கிலோ வந்தது. மண்டி பில் 13,600 ரூபாய். வண்டி வாடகையும் இறக்குக்கூலியும் 200 ரூபாய். சரக்கைக் கடைக்குக் கொண்டுவர ஆன செலவும் அடக்கவிலையில் சேரும் என்பதால் கிலோ 138 ரூபாய். இதைப் பலர் கடைச் செலவில் எழுதிவிடுகிறார்கள். பருப்பின் அசல் குறைவாகத் தெரிவது அதனால்தான். ஏப்ரல் 20 அன்று இன்னொரு 100 கிலோ, கூலியெல்லாம் சேர்த்துக் கிலோ 145 ரூபாய்.

ஆக மொத்தம் 240 கிலோ, 33,500 ரூபாய். மாதக் கடைசி இரவு கடையை அடைத்தபின் நிறுத்துப் பார்த்தால் 70 கிலோ இருக்கிறது.

இந்த 70 கிலோவுக்கு எந்த விலை? முதலில் வந்தது முதலில் போகும் என்பது இம்முறையின் விதி. அப்படியானால் மிஞ்சியிருப்பது கடைசியாக வந்த சரக்கு. 70 கிலோ, 145 ரூபாய் வீதம் 10,150 ரூபாய். 33,500-இல் இதைக் கழித்தால் 23,350 ரூபாய்; அதுதான் விற்ற சரக்கின் அடக்கம். விற்பனைத் தொகையிலிருந்து அதைக் கழித்தால் லாபம் 3,000 ரூபாய்.

கடைப்பையன் புது மூட்டையை முதலில் பிரித்திருந்தாலும் கணக்கு மாறாது. கணக்கில் பழைய விலைதான் முதலில் தீரும்.

மிஞ்சிய பருப்பை விற்கும் விலையான 155 ரூபாய்க்கு மதிப்பிடுவது பெரிய தவறு. இன்னும் விற்காத சரக்கின் மேல் 700 ரூபாய் லாபம் ஏறிவிடும். அதேசமயம் சந்தை இறங்கி, இனி 140 ரூபாய்க்குத்தான் விற்கும் என்றால் இருப்பை 140-க்கே எழுத வேண்டும். குறைகிற 350 ரூபாய் ஏப்ரல் மாத நட்டம்.

ஒரு எச்சரிக்கை. விற்பனை பில்கள் 168 கிலோ என்று காட்டி, இருப்போ 170 கிலோ தீர்ந்ததாகச் சொன்னால், அந்த 2 கிலோ சிந்தியதா, எலி தின்றதா, எடைக்கல் பிசகா என்று இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்காது. அது சத்தமில்லாமல் அடக்கத்தில் கலந்துவிடும். பில்லையும் இருப்பையும் தனியாக ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

இந்தியக் கணக்கியல் விதிகள் இம்முறையையும் சராசரி விலை முறையையும் ஏற்கின்றன. கடைசியில் வந்ததை முதலில் கழிக்கும் முறையை ஏற்பதில்லை. எதை எடுத்தாலும் ஆண்டுதோறும் அதையே தொடர வேண்டும்.