மாதத் தவணையும் பெருக்கல் விருத்தியும்

மாதந்தோறும் 1,000 ரூபாவைத் தொடர் வைப்பிற் கட்டிவரும் ஒருவர், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 12 என்று கேட்டதும், 12,000 ரூபாவுக்கு 1,440 ரூபா வட்டி வருமென மனக்கணக்குப் போட்டுவிடுவார். ஆண்டு முடிவில் அவருக்குக் கிடைப்பதோ 809 ரூபா 33 சதம். அந்த 1,440 ரூபாவை நம்பி வீட்டுச் செலவொன்றைத் திட்டமிட்டிருந்தாராயின், வங்கி எழுதுவினைஞர் மீது அவருக்கு ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் வங்கி அவருக்கு ஒரு சதமேனும் குறைக்கவில்லை.

இக்கணக்கை மாணவருக்கு உணர்த்தும் பொருட்டு, வங்கிப் புத்தகத்தின் பக்கமொன்றை நிழற்படமாக அச்சிட்டு, அதன் கீழே வினாவை அமைப்பதுண்டு. அத்தகைய படமொன்றை மனக்கண்ணிற் கொள்வோம். ஜனவரி 1ஆம் தேதி வைப்பு 1,000 ரூபா, மீதி 1,000. பெப்ரவரி 1ஆம் தேதி வட்டி 10 ரூபா, புதிய வைப்பு 1,000, மீதி 2,010. மார்ச் 1ஆம் தேதி வட்டி 20 ரூபா 10 சதம், வைப்பு 1,000. மீதி 3,030 ரூபா 10 சதம். இவ்வாறே டிசம்பர் 1 வரை 12 வைப்புக்கள். அடுத்த ஜனவரி 1ஆம் தேதி, புதிய வைப்பு எதுவுமின்றி, முழுத்தொகையும் மீளப் பெறப்படும். அத்தொகை யாது என்பதே வினா.

மார்ச் மாத வட்டியிலுள்ள 10 சதத்தைக் கவனித்தல் வேண்டும். பெப்ரவரியில் வந்த 10 ரூபா வட்டிக்கு விளைந்த வட்டி அது. எனவே இது மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டுவட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு 1. ஒரு ரூபா ஒரு மாதத்தில் 1.01 ரூபாவாகிறது.

இனி, மீதியை மறந்து ஒவ்வொரு தவணையையும் தனித்தனியே பின்தொடர்ந்தால் வழி எளிதாகும். டிசம்பரிற் கட்டிய 1,000 ரூபா ஒரு மாதமே வங்கியில் இருந்தது. அது 1,010 ஆயிற்று. நவம்பர்த் தவணை இரு மாதம் இருந்து 1,020 ரூபா 10 சதமாயிற்று. ஜனவரித் தவணை ஒன்றுதான் 12 மாதமும் தங்கி 1,126 ரூபா 83 சதமாக வளர்ந்தது. முழு ஆண்டு வட்டிக்கு உரிமையுடையது அந்தத் தவணை மட்டுமே. மனக்கணக்குப் போட்டவர் எல்லாத் தவணைக்கும் அவ்வுரிமையை வழங்கிவிட்டார்.

1,010இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பும் முந்தியதன் 1.01 மடங்காக ஏறும் இத்தொடர் ஒரு பெருக்கல் விருத்தி. பன்னிரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டியதில்லை. தொடர் முழுவதையும் 1.01ஆற் பெருக்கினால் ஒவ்வோர் உறுப்பும் ஓரிடம் நகர்ந்து அடுத்த உறுப்பாகும். அதிலிருந்து பழைய தொடரைக் கழிக்க, இடையிலுள்ளவை யாவும் மறைந்து, இரு முனைகள் மட்டுமே எஞ்சும். அந்த மிச்சம் மொத்தத்தின் நூற்றில் ஒரு பங்கு. ஆகவே,

S = 1000 × 1.01 × (1.01¹² − 1) ÷ 0.01

1.01ஐப் பன்னிரு முறை பெருக்க 1.126825 வரும். ஆகவே விடை 12,809 ரூபா 33 சதம்.

மாணவர் வழுக்குவது பெரும்பாலும் பெருக்கலில் அன்று, தேதியிலேயே. முதல் உறுப்பை 1,010 என்னாது 1,000 எனக் கொண்டவருக்கு 12,682 ரூபா 50 சதம் வரும். அதுவும் பொய்யான தொகையன்று. டிசம்பர் 1ஆம் தேதி, கடைசித் தவணையைக் கட்டிய உடனே புத்தகத்தில் நின்ற மீதி அது. அதன்மேல் ஒரு மாத வட்டியான 126 ரூபா 83 சதம் சேர்ந்தால் சரியான விடை வந்துவிடும். வேறு சிலர் மீளப் பெறும் நாளிலும் ஒரு தவணை கட்டியதாக எண்ணி 13 உறுப்புக்களைக் கூட்டுவர். அவர்கள் பெறும் தொகை 13,809 ரூபா 33 சதம். மிகுதி சரியாக ஒரு தவணையளவாக இருப்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும். படத்திலுள்ள வைப்புக்களை விரல்விட்டு எண்ணிய பின்னரே சூத்திரத்தைத் தொடுதல் நன்று.

விடை பொருத்தமானதா என்பதை அறியத் தனிவட்டியும் உதவும். 12, 11, 10 என 1 வரை மாதங்களைக் கூட்ட 78. மாதமொன்றுக்கு 10 ரூபா வீதம் 780 ரூபா. கூட்டுவட்டி இதனைவிடச் சற்றே மிகுந்திருக்க வேண்டும். 29 ரூபா 33 சதமே மிகுதி என்பது ஏற்கத்தக்கது.

எல்லா வங்கிப் புத்தகத்துக்கும் இச்சூத்திரம் அப்படியே பொருந்தாது. இந்திய வங்கிகள் தொடர் வைப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்ப்பதே வழக்கம். அங்கே 12 வீதமென்றால் காலாண்டுக்கு 3 வீதம். ஒரு மாதத்தின் பெருக்கெண் 1.03இன் கனமூலமாகும். அது 1.01ஐவிட மிகச் சிறிதளவு குறைந்தது. அதே 1,000 ரூபாத் தவணைக்கு ஆண்டிறுதியில் வருவது ஏறத்தாழ 12,801 ரூபா.