கடிதத்துக்கு முன்னால் திறக்கப்படும் இணைப்பு

"சிறு வயதிலிருந்தே கார்ட்டூன் என்றால் எனக்கு உயிர். உபின் & இபின் பார்த்து வளர்ந்த நான், கடின உழைப்பாளி. குழுவாகவும் தனியாகவும் வேலை செய்யக்கூடியவள்."

அனிமேஷன் பட்டப்படிப்பை இவ்வாண்டு முடித்த என் அக்கா மகள், ஸ்டுடியோ ஒன்றுக்கு ஜூனியர் அனிமேட்டர் வேலைக்காக எழுதிய கடிதத்தின் முதல் பத்தி இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன். வானொலியில் இருக்கிற மாமாவுக்கு எழுதத் தெரியும் என்ற நம்பிக்கையில் எனக்கு அனுப்பியிருந்தாள். அவள் அப்பாவோ, ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இடம் காலியாக இருப்பதை வாரம் தவறாமல் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

கடிதத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து, இன்று தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் மூத்த அனிமேட்டராக இருக்கும் நண்பரிடம் காட்டினேன். அவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை. கீழே இருந்த இணைப்பைத் தேடி அழுத்தினார்.

"எல்லாரும் இப்படித்தான் செய்வோம். முதல்ல ஷோரீல். பிடிச்சிருந்தாதான் கடிதத்துக்குத் திரும்பி வருவோம். 'இதுல நீ செஞ்சது எது?' அதுக்கு அங்க பதில் இருக்கணும்" என்றார்.

இணைப்பு திறக்கவில்லை. 'அனுமதி கேளுங்கள்' என்று ஒரு பக்கம் வந்தது. அவள் கணினியில் அவளுடைய கணக்கு வழியாகத் திறந்ததால் அவளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அனுப்பும் முன் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுமதி கேட்டு ஒரு நாள் காத்திருக்க ஸ்டுடியோவில் யாருக்கும் நேரமில்லை.

திறந்த பிறகு பார்த்தால் ஷோரீல் 2 நிமிடம் 40 விநாடி. தொடக்கத்தில் அவள் பெயர் பொன்னிறத்தில் சுழன்று சுழன்று வந்தது. பிறகு அவள் வடிவமைத்த ஒரு நாற்காலி, ஒரு காடு, ஒரு விளக்கு. மனிதன் ஒருவன் நடக்கும் காட்சி வர ஒரு நிமிடத்துக்கு மேலானது. நண்பர் அதற்குள் நிறுத்திவிட்டிருப்பார். எனக்காகத்தான் பொறுத்துக்கொண்டார்.

இங்கேதான் கடிதத்தின் இரண்டாம் பத்தியும் தடுமாறியது. மாடலிங், டெக்ஸ்சரிங், லைட்டிங், அனிமேஷன் எல்லாம் தெரியும் என்று மென்பொருள் பட்டியலோடு எழுதியிருந்தாள். நாலைந்து பேர் மட்டுமே உள்ள சின்ன இடத்தில் அது உதவும். தொடர் எடுக்கும் ஸ்டுடியோவில் ஜூனியர் அனிமேட்டர் கைக்குக் கதாபாத்திரம் தயாராகவே வரும். உள்ளே எலும்பும் மூட்டும் பொருத்தி, பொம்மலாட்டப் பொம்மைபோல் அசைக்கும்படி செய்திருப்பார்கள். அதை 'ரிக்' என்பார்கள். அதற்கு உயிர் கொடுப்பதுதான் அனிமேட்டர் வேலை. நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அசையாது, பாவம்.

ஷோரீலின் கடைசியில்தான் அந்த 8 விநாடிக் காட்சி இருந்தது. ஒருவர் கேஸ் தோம்பைத் தூக்கி லாரியில் வைக்கிறார். வண்ணம் கிடையாது, சாம்பல் நிறப் பொம்மை. நண்பர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்.

தோம்பு கனமானது என்று எதை வைத்து நம்புகிறோம்? கை பிடித்தவுடன் அது மேலே வந்துவிடக்கூடாது. முதலில் இடுப்பு இறங்குகிறது. கை நீண்டு இறுகுகிறது. பிறகு ஏறத்தாழ அரை விநாடி எதுவுமே நகர்வதில்லை. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 படங்கள் என்பதால் 12 படங்கள் வரை அந்த இழுபறி நீடிக்கிறது. அதன் பிறகே தோம்பு தரையை விட்டு எழும்புகிறது. எழும்பியதும் உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அந்த 12 படங்களை எடுத்துவிட்டால் அதே தோம்பு காலித் தோம்பாகிவிடும்.

"கால் வழுக்குதான்னு பாரு" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். எடை தாங்கும் பாதம் தரையில் துளி நகர்ந்தாலும் மொத்தக் காட்சியும் பனிக்கட்டியில் நடப்பதுபோல் ஆகிவிடுமாம். புதியவர்களின் ஷோரீலில் அவர் முதலில் தேடுவது அதைத்தான். இரண்டாவது, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைகின்றனவா என்பது. இந்தக் காட்சியில் இரண்டும் இல்லை. கடை வாசலில் அவள் அப்பா தோம்பு இறக்குவதைக் கைப்பேசியில் படம்பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாளாம். அவள் எழுதிய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாறாக, "நாங்கள் 3 நிமிடக் குறும்படம் தயாரித்தோம்" என்று இருந்தது. நால்வர் செய்த இறுதியாண்டுப் படம் அது. அவள் அசைத்தது இரண்டு காட்சிகள்தான். அதே படத்தை மற்ற மூவரும் அதே ஸ்டுடியோவுக்கு அனுப்பலாம். நான்கு பேரும் 'நாங்கள்' என்றால் யாரை நம்புவது? கதாபாத்திரமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரிக். அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். அந்த ரிக்கைத் துறையில் இருப்பவர்கள் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒன்றில் மட்டும் நானும் நண்பரும் ஒத்துப்போகவில்லை. ஷோரீலில் வாயசைப்புக் காட்சி ஒன்று இருந்தது. வானொலிக்காக நான் பேசிய 6 விநாடித் தமிழ் வசனத்துக்கு ஒரு பாட்டி கோபப்படுகிறார். தமிழ் தெரியாதவர்கள் பார்க்கப்போகும் இடத்தில் இது எதற்கு என்பது என் வாதம். நண்பர் ஒலியை அணைத்துவிட்டு ஓட்டினார். பாட்டியின் தோளும் புருவமும் போதுமாக இருந்தன. "சத்தமில்லாம புரிஞ்சா எந்த மொழியா இருந்தா என்ன?" என்றார். காட்சி தப்பியது.

இரண்டு மாலைகளில் ஷோரீல் 52 விநாடியாகச் சுருங்கியது. தோம்பு முதலில் வந்தது, நாற்காலியும் சுழலும் பெயரும் போயின. மூன்று மாதத் தொழிற்பயிற்சியில் செய்த காட்சிகளையும் எடுக்கச் சொன்னார் நண்பர். இன்னும் வெளியாகாத தொடரின் காட்சியை அனுமதியின்றிக் காட்டினால், நாளை நம் காட்சியையும் இவள் வெளியே காட்டுவாள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பயிற்சி பெற்றதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

புதிய கடிதம் அரைப் பக்கம்தான்.

"ஜூனியர் அனிமேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் ஷோரீல் 52 விநாடி, கடவுச்சொல் தேவையில்லை. முதல் 8 விநாடி: கேஸ் தோம்பு தூக்குபவர். இலவச ரிக், அசைவு முழுவதும் நான் மாயாவில் செய்தது. என் தந்தையைப் படம்பிடித்து அதைப் பார்த்துச் செய்தேன். 31ஆம் விநாடி முதல் வருவது நால்வர் செய்த குறும்படம். அதில் இந்த இரண்டு காட்சிகளின் அசைவு மட்டும் என்னுடையது. தொழிற்பயிற்சியில் செய்தவை இன்னும் வெளியாகாததால் இங்கே சேர்க்கவில்லை. உங்கள் தொடரில் பாத்திரங்கள் ஓடிக்கொண்டே பேசுகிறார்கள். உடல் எடையைக் காட்டுவதில் எனக்குப் பயிற்சி அதிகம், வசனக் காட்சிகளில் குறைவு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வர இயலும்."

'வசனத்தில் குறைவு' என்ற வரியை அக்கா நீக்கச் சொன்னார். பெண் பார்க்க வருபவர்களிடம் குறையைச் சொல்வதுபோல் இருக்கிறதாம். மகள் நீக்கவில்லை. ஷோரீலில் எப்படியும் தெரியத்தானே போகிறது என்றாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வேலை உத்தரவு இல்லை, தேர்வுப் பயிற்சி. ஒரு ரிக், 5 விநாடி வசனம், ஒரு வாரத் தவணை. எந்தப் பகுதியில் பயிற்சி குறைவு என்று எழுதினாளோ அதையே கொடுத்திருக்கிறார்கள். இப்போது வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன் அதே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா வெளியே துண்டோடு காத்திருக்கிறார்.