ருஸ் பி லபன் தயிர்சாதம் அல்ல

கெய்ரோவில் ஒரு நடுத்தர உணவகத்தின் விலைப்பட்டியலைக் கைபேசியில் படம் பிடித்து வந்து, இதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். இனிப்புகளின் வரிசையில் 'ருஸ் பி லபன்' என்றிருக்கிறது. ருஸ் என்றால் அரிசி. லபன் என்றால்? பெய்ரூட்டில் அது தயிர். ரியாதில் குடிக்கும் மோர். கெய்ரோவில் பால். லெபனான்காரர்களிடம் அரபு கற்றவர் 'தயிர்சாதம்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மேசைக்கு வருவதோ, பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்த இனிப்பு.

அரபு மொழியில் பள்ளிக்கூடம், செய்தித்தாள், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு ஒரு மொழி, வீட்டுக்கும் சந்தைக்கும் வேறொரு மொழி. முன்னதை ஃபுஸ்ஹா என்கிறார்கள். அது மொராக்கோ முதல் ஈராக் வரை ஏறக்குறைய ஒன்றுதான். பின்னது ஆம்மிய்யா, ஊருக்கு ஊர் மாறும் பேச்சு. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959-இல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு அரபுதான் முதன்மையான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று வாழும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுத்தில் இருப்பதெல்லாம் ஃபுஸ்ஹா என்று பலரும் நம்புகிறார்கள். புத்தகத்துக்கு அது பெரும்பாலும் சரி. கடைப்பலகைக்கும் உணவுப் பட்டியலுக்கும் சரியல்ல. ஒரே படத்தில் இரண்டும் கலந்து கிடக்கும். அதனால் 'இந்தப் படம் ஃபுஸ்ஹாவா, பேச்சு வழக்கா?' என்ற கேள்வியே பிழை என்பேன். வரிக்கு வரி தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது.

அந்தக் கெய்ரோப் பட்டியலையே மேலிருந்து படித்துப் பார்க்கலாம். முதலில் சொற்களை விட்டுவிட்டு விலையைப் பார்க்க வேண்டும். எண்களுக்குப் பக்கத்தில் 'கினே' என்றோ அதன் முதலெழுத்தான ஜீம் மட்டுமோ இருந்தால் அது எகிப்தின் பவுண்டு. ரியால், திர்ஹம், லீரா என்று இருந்தால் ஊர் வேறு, வழக்கும் வேறு. எண்களை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும்: அரபு எழுத்தின் எண்களில் சிறு புள்ளிதான் சுழியம், வட்டமாக இருப்பது ஐந்து. மங்கலான படத்தில் அந்தப் புள்ளி தொலைந்தால் 150 பவுண்டு 15 ஆகிவிடும்.

முதல் வரி, 'ஷோர்பத் லிசான் அஸ்ஃபூர்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குருவி நாக்கு சூப்'. அரிசி வடிவத்தில் செய்யும் சிறு பாஸ்தாவுக்கு எகிப்தியர் வைத்த பெயர் அது. அடுத்தது 'ஃபிராக் பானே'. அகராதியைப் புரட்டினால் ஃபிராக் என்பது பறவைக் குஞ்சுகள். எகிப்தில் அது சாதாரணக் கோழிக்கறி. பானே என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது.

மூன்றாவது வரியில் இன்னொரு சிக்கல். 'ஹமாம் மஹ்ஷி' என்றால் உள்ளே அரிசியோ உடைத்த கோதுமையோ அடைத்துச் சமைத்த புறா. ஹமாம் புறா, ஹம்மாம் குளியலறை. அரபு எழுத்தில் மெய் இரட்டிப்பதைக் காட்டும் சிறு குறியைப் பலகைகளில் போடுவதில்லை, ஆகவே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கைபேசிச் செயலி அதை 'அடைத்த குளியலறை' என்று காட்டினால் வியக்க வேண்டியதில்லை. இங்கே ஃபுஸ்ஹாவா பேச்சா என்பதல்ல பிரச்சினை, சூழல்தான். உணவுப் பட்டியலில் அது எப்போதும் புறா.

பிறகு 'ஏஷ் பலதி', தவிட்டோடு சுட்ட எகிப்திய வட்ட ரொட்டி. ஃபுஸ்ஹாவில் அதே எழுத்துகளுக்கு 'வாழ்தல்' என்று பொருள். ரொட்டிக்கு அங்கே குப்ஸ் என்பார்கள். குவைத்திலும் பஹ்ரைனிலும் அதே சொல்லுக்குப் பொருள் அரிசிச் சோறு. இனிப்பு வரிசையில் 'உம் அலி' இருக்கும். எகிப்தில் சொல்லின் கடைசி யா எழுத்துக்குப் புள்ளி வைக்காமல் அச்சிடுவது வழக்கம். புள்ளி போனால் 'அலி' என்ற பெயர் 'மேல்' என்ற சொல்லைப் போலவே தெரியும். ஆக, செயலி 'அம்மா மேல்' என்று எதையாவது சொல்லும். உண்மையில் அது மாவடுக்கையும் பருப்பு வகைகளையும் பாலில் ஊறவைத்துச் சுடும் இனிப்பு. அந்தப் புள்ளியில்லாத யா, படம் எகிப்தைச் சேர்ந்தது என்பதற்கு ஒரு தடயமும்கூட.

பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: 'அல்-அஸ்ஆர் கைர் ஷாமிலா அத்-தரீபா'. விலைகளில் வரி சேரவில்லை என்று பொருள். இது முழுக்க ஃபுஸ்ஹா. இந்த வரியில் பேச்சு வழக்கைத் தேடக் கூடாது. பெரும்பாலும் இப்படித்தான் பிரியும்: விதி, தடை, அறிவிப்பு, முகவரி என்று வாக்கியமாக வருவது ஃபுஸ்ஹா, உண்ணும் பொருளின் பெயரும் தொழிலின் பெயரும் ஊர்ப்பேச்சு. 'புகை பிடிக்காதீர்' என்ற பலகையும் மருந்துக்கடைப் பலகையும் எங்கும் ஒன்றாக இருக்கும். துணி தேய்ப்பவரின் 'மக்வகி', கோழி விற்பவரின் 'ஃபரார்கி' ஆகிய பலகைகளை எகிப்து தெரிந்தவர்தான் சட்டென்று படிப்பார்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தத் தேர்வு உடல்நல விஷயம். 'ஃபூல்' என்றால் எகிப்தியர் காலையில் உண்ணும் பெரிய அவரை வகை. 'ஃபூல் சூடானி' என்றால் நிலக்கடலை. சொல்லுக்குச் சொல் 'சூடானிய அவரை' என்று பெயர்த்தவர், நிலக்கடலை ஆகாதவருக்குத் தவறான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறார். லபன் விஷயத்திலும் அப்படித்தான்.

எதிர்த்திசையிலும் இதே தேர்வு வருகிறது. வளைகுடா நகரங்களில் உணவகம் நடத்தும் தமிழர்கள் தங்கள் பட்டியலைப் படமெடுத்து அனுப்பி, அரபியில் எழுதித் தரச் சொல்கிறார்கள். எகிப்திய நண்பர் எழுதிக் கொடுத்தால் ரியாதில் கோழி 'ஃபிராக்' ஆகிவிடும்; படிப்பவருக்குப் புரியும், ஆனால் கடை எகிப்தியருடையது என்று நினைப்பார். 'தஜாஜ்' என்று ஃபுஸ்ஹாவில் எழுதினால் எல்லா நாட்டவருக்கும் பொருந்தும். தயிர்சாதத்தை 'ருஸ் பி லபன்' என்று எழுதினால் எகிப்தியர் இனிப்பை எதிர்பார்ப்பார், சவூதிக்காரர் மோர் ஊற்றிய சோற்றை நினைப்பார். தயிருக்கு 'ஸபாதி' என்ற சொல் எகிப்திலும் சவூதியிலும் ஒரே பொருளில் வழங்குகிறது, ஆகவே 'ருஸ் பிஸ்-ஸபாதி' நல்லது. தோசை, இட்லி போன்றவற்றை மொழிபெயர்க்க முயல வேண்டாம். பெயரை அப்படியே அரபு எழுத்தில் எழுதி, கீழே ஒரே வரியில் ஃபுஸ்ஹாவில் 'அரிசியும் உளுந்தும் புளிக்க வைத்த மாவில் சுட்டது' என்று விளக்கிவிட வேண்டும். முழுப் பட்டியலையும் பேச்சு வழக்கில் எழுதுவது விளம்பர வாசகத்துக்கு அழகாக இருக்கலாம், விலைப்பட்டியலுக்கு ஒத்துவராது.

பலகை அடிக்கப் பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த நகரத்திலேயே பிறந்து, அங்கேயே சந்தைக்குப் போய்வரும் ஒருவரிடம் வரைவைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மேசையில் என்ன வரும் என்று நினைக்கிறார் எனச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் உங்கள் அடுப்பில் இருப்பதும் ஒன்றாக இல்லாத வரியை அங்கேயே மாற்றிவிடுங்கள்.