சோயா பன்னீரில் புரதம் எவ்வளவு? தண்ணியைக் கேளுங்க

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போ பெரிய மளிகைக் கடைகளில் டோஃபு சாதாரணமாகக் கிடைக்குது. சோயா பன்னீர்னு கேட்டாலும் எடுத்துத் தருவாங்க. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தா குழப்பம்தான். ஒன்றில் 100 கிராமுக்கு 5 கிராம் புரதம், இன்னொன்றில் 16 கிராம். ரெண்டும் ஒரே சோயாவில் செய்ததுதானே, இதில் எது கலப்படம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்காங்க. வீட்டளவில் இதைச் செய்து அக்கம்பக்கம் கொடுப்பவன் என்கிற முறையில் சொல்றேன்: வித்தியாசம் பெரும்பாலும் தண்ணிதான்.

ஒரு கிலோ சோயாவை எடுத்துக்குவோம். அதில் சுமார் 360 கிராம் புரதம் இருக்கு. ராத்திரி ஊறவைத்து, காலையில் எட்டு லிட்டர் தண்ணி சேர்த்து அரைத்து, பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் பிழிகிறோம். இந்தக் கொதியைக் குறைக்கக் கூடாது. பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, அது வெந்தால்தான் அடங்கும். பிழிந்ததும் பாலில் ஏறக்குறைய 280 கிராம் புரதம் வந்துவிடும். மீதி சக்கையோடு போகும், அது மாட்டுக்கு நல்ல தீவனம்.

பால் கொஞ்சம் ஆறி 80 டிகிரி அளவில் இருக்கும்போது, உணவுத் தர ஜிப்சம் 25 கிராமைத் தண்ணியில் கரைத்து ஊற்றி, மெதுவாக ஒரு கிண்டு கிண்டி விடணும். (நிலக்கடலைக்குப் போடுகிற அதே சரக்குதான், ஆனா வயலுக்கு வாங்கிய மூட்டையை அடுப்படிக்குக் கொண்டுவராதீங்க.) கால் மணி நேரத்தில் திரிந்து நிற்கும். வடிகிற தண்ணி தெளிவாக, இளமஞ்சளாக இருந்தால் புரதம் முழுசாகப் பிடிச்சாச்சு. பால் மாதிரி வெள்ளையாக ஓடினால் உறைமருந்து போதலை, புரதம் சாக்கடைக்குப் போகுதுன்னு அர்த்தம். ஜிப்சம் கூடிப்போனாலோ சூடு அதிகமானாலோ கட்டி நறநறன்னு ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தால் திரிந்த கட்டியில் சுமார் 250 கிராம் புரதம் தங்கும். இனிமேல் நாம் செய்வதெல்லாம் தண்ணியை வெளியேற்றுவதுதான். லேசாக அழுத்தி நிறுத்தினால் இரண்டரை கிலோ தேறும். 250-ஐ அந்த எடையில் பங்கு போட்டால் 100 கிராமுக்கு 10 கிராம் புரதம். இன்னும் அழுத்தி இரண்டு கிலோவாக்கினால் பன்னிரண்டரை. கல்லை வைத்து நல்லா இறுக்கி 1,600 கிராமாக்கினால் பதினைந்தரைக்கு மேல். புரதம் ஒரு கிராம்கூடப் பெருகவில்லை, எடைதான் குறைந்தது. கடையில் 'ஃபர்ம்', 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று எழுதியிருப்பது இந்தப் படிகளைத்தான்.

'சில்கன்' என்கிற பட்டு மாதிரியானது மட்டும் வேற வழி. அதற்குப் பாலைக் கெட்டியாக எடுத்து, டப்பாவிலேயே உறையவிடுவாங்க. நம்ம வீட்டுத் தயிர் மாதிரி. கிண்டுவதில்லை, வடிப்பதில்லை, அழுத்துவதும் இல்லை. பாலில் இருந்த தண்ணி அத்தனையும் உள்ளேயே நிற்கும். அதனால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணியும் 5 கிராம் புரதமும். அழுத்திய வகையில் வடிநீரோடு சோயாவின் சர்க்கரைகளும் கொஞ்சம் வெளியேறிவிடும். வயிற்றில் வாயு உண்டாக்குபவை அவைதான். சில்கனில் அவை அப்படியே இருக்கும். சோயா சாப்பிட்டால் உப்புசம் வருகிறவங்க கெட்டியான வகையை எடுப்பது நல்லது.

இதில் ஏமாற இடம் இருக்கு. 200 கிராம் கட்டியில் 20 கிராம் புரதம் என்று வைப்போம். வீட்டில் துணியில் சுற்றி 40 கிராம் தண்ணியைப் பிழிஞ்சா 160 கிராம் ஆகும். கணக்குப்படி பன்னிரண்டரை சதம். ஆனா முழுக் கட்டியையும் சாப்பிட்டால் உள்ளே போவது அதே 20 கிராம்தான். வறுவலுக்கு உடையாம இருக்கணும்னா பிழியலாம், புரதத்துக்காகப் பிழிய வேண்டியதில்லை.

வாங்கும்போது பாக்கெட் விலையைப் பார்க்காம, மொத்தப் புரதத்தால் விலையை வகுத்துப் பாருங்க. ஒரு பேச்சுக்கு, 200 கிராம் சில்கன் 60 ரூபாய் என்றால் அதில் புரதம் 10 கிராம், கிராமுக்கு 6 ரூபாய். அதே எடைக் கெட்டி வகை 96 ரூபாய், புரதம் 32 கிராம் என்றால் கிராமுக்கு 3 ரூபாய். தண்ணியில் மிதக்கிற பாக்கெட்டில், தண்ணியை வடித்த எடை தனியாகப் போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுங்க.

லேபிள் இல்லாமல் உள்ளூரில் செய்ததை வாங்கினால் ஒரு வழி உண்டு. 100 கிராமை உதிர்த்துத் தட்டில் பரப்பி, எடை இனிக் குறையாது என்கிற வரை மொட்டை மாடி வெயிலில் மொறுமொறுப்பாகக் காயவிடுங்க. அழுத்திய வகை என்றால் மிஞ்சியதில் ஏறக்குறைய பாதி, அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே, புரதம். மிச்சத்தில் பெரும்பங்கு எண்ணெய். 28 கிராம் மிஞ்சினால் 14, 15 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். 15 கிராம்தான் மிஞ்சுதுன்னா, 'எக்ஸ்ட்ரா ஃபர்ம்' என்று அவங்க சொன்னாலும் நீங்க தண்ணிக்குத்தான் காசு கொடுத்திருக்கீங்க.