ஒரு புஷ், இரண்டு வட்டம், ஒரு புள்ளிக்கோடு

லேத்தின் அருகே ஒரு வரைபடம்: இடது முனையில் காலர் உள்ள புஷ். காலர் விட்டம் 60, உடல் 40, நடுத்துளை 25. எண்களுக்கு அலகு இல்லை. மில்லிமீட்டர் என்பது பொதுக்குறிப்பிலேயே இருக்கும். எண்ணுக்கு முன்னுள்ள Ø விட்டத்தைக் குறிக்கும்.

முன்தோற்றத்துக்கு வலப்பக்கம் வட்டங்கள் தெரிகின்றன. புதியவர் இதை வலமிருந்து பார்த்த தோற்றம் என்றே நினைப்பார். இந்தியாவில் வழக்கமான முதற்கோண முறையில் அது இடமிருந்து பார்த்தது! 40 வட்டமே சாட்சி: காலர் அதை மறைப்பதால் அது விட்டுவிட்டு வரும் கோடாக இருக்கிறது. வலமிருந்து பார்த்திருந்தால் முழுக்கோடாகியிருக்கும். தலைப்புக் கட்டத்தில் உள்ள வெட்டிய கூம்புக் குறியும் முறையைச் சொல்லிவிடும்.

துளை முழு நீளமும் ஒரே அளவா? வெட்டுத்தோற்றத்தைப் பார்க்க வேண்டும். புஷ்ஷை நடுவே அறுத்ததாகக் கொண்டு, கத்தி பட்ட உலோகத்தில் மட்டும் 45 பாகையில் சாய்கோடுகள் இடுவார்கள். துளை வெறுமையாக இருக்கும். உள்ளே படி இருந்தால் அங்கே பளிச்செனத் தெரியும்.

ஓர் அளவு ஒரே இடத்தில்தான் எழுதப்படும். கிடைக்காவிட்டால் மற்ற தோற்றங்களில் தேட வேண்டும். காகிதத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, நகலெடுக்கையில் படம் சுருங்கியிருக்கலாம்.