வாய் பேசும் முன் விரல் பேசும்

"ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்." "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் வாயைத் திறந்தார்." பேச்சு தாமதமாகும் குழந்தை உள்ள வீட்டில் இந்த இரண்டு சமாதானங்களையும் கேட்காமல் இருக்க முடியாது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பின்தங்குவார்கள். குடும்ப வாகும் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லிக் காத்திருப்பதற்கு முன், குழந்தைக்குக் காது கேட்கிறதா, சொல்வது புரிகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பேச்சு முதல் சொல்லில் தொடங்குவதில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் 'ஊ', 'ஆ' என்ற கொஞ்சல். ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் 'பபப', 'மமம' என்று ஒலிகளைக் கோத்து அடுக்கும். ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். ஏறக்குறைய அதே சமயத்தில்தான் பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது: குழந்தை விரலை நீட்டிக் காட்டத் தொடங்கும். பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது ஒரு வகை. மொட்டைமாடியில் பறக்கும் காக்கையைக் காட்டிவிட்டு, "நீயும் பார்த்தியா?" என்பதுபோல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது இன்னொரு வகை. தான் பார்த்ததை அடுத்தவரோடு பகிர வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதற்கு அது அடையாளம். பேச்சு அந்த ஆசையின் மேல்தான் வளர்கிறது. பதினெட்டு மாதமாகியும் குழந்தை எதையும் இப்படிக் காட்டவில்லை என்றால், சில சொற்கள் பேசினாலும் டாக்டரிடம் காட்டுவதே சரி.

இருபது மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஒண்ணுமே பேசல" என்கிறார் அம்மா. உட்கார்ந்து எண்ணினால் 'ம்மா', 'தாத்தா', 'தா', காக்கையைப் பார்த்தால் 'க்கா', பசுவுக்கு 'ம்பா', வண்டிக்கு 'டுர்ர்', பாட்டியிடம் மட்டும் தெலுங்கில் 'பாலு' என்று ஏழு தேறுகின்றன. ஏழையுமே சொற்களாகக் கணக்கிடலாம். உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தானாகச் சொன்னால் போதும். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். இரு மொழியால் பேச்சு தாமதமாகாது. கையால் சுட்டாமல், "அப்பா செருப்பை எடுத்துட்டு வா" என்றால் இந்தக் குழந்தை போய் எடுத்து வருகிறது. காக்கையையும் காட்டுகிறது. காதை மட்டும் பரிசோதித்துவிட்டு, அடுத்த சில மாதங்கள் கவனித்து வரலாம்.

அதே வயதில் இன்னொரு குழந்தை, போன் பார்த்து ஏ பி சி டி முழுக்க ஒப்பிக்கிறது. பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானைமேல் வைக்கிறது. கேட்பவர்களுக்கு இதுதான் கெட்டிக்காரக் குழந்தையாகத் தெரியும். சீக்கிரம் பார்க்க வேண்டியதோ இந்தக் குழந்தையைத்தான்.

இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், 'அம்மா வா', 'பால் தா' போல இரண்டு சொல் சேர்ந்த பேச்சும் வந்திருக்க வேண்டும். 'காணாப்போச்சு' என்று மனப்பாடமாக ஒரே மூச்சில் வருவது இரண்டு சொல் ஆகாது. இந்த அளவு வரவில்லை என்றால் மூன்று வயது வரை பார்ப்போம் என்று தள்ளக் கூடாது. பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிட வேண்டும்.

பரிசோதனை காதிலிருந்து தொடங்கும். பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பினான் என்பது போதாது. கதவு அறையும் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் தங்கினாலும் கேட்பது மங்கும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் கொஞ்சும் என்பதால் பெற்றோர் ஏமாந்துவிடுவார்கள். ஓஏஇ என்ற சோதனையில் காதில் சிறு மென்முனை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். தேவைப்பட்டால் பெரா, குழந்தை தூங்கும்போது தலையில் சிறு மின்முனைகள் ஒட்டி எடுப்பார்கள், வலிக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் காட்டலாம். நாக்கில் வசம்பு தேய்ப்பதும், நாக்கின் அடிச்சவ்வை வெட்டுவதும் பேச்சைக் கொண்டுவராது.

போகும்போது குழந்தை சொல்லும் எல்லாச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் இயல்பாக விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் இருக்கட்டும். புது இடத்தில் குழந்தை வாயே திறக்காது, டாக்டருக்கு அது பெரிய உதவி.