அரை விநாடியில் விழும் பந்து

ஏறக்குறைய நாலடி உயரத்தில், அதாவது 120 செ.மீ. உயரத்தில், பிடித்திருக்கும் பந்தைக் கைவிட்டால் அது தரையைத் தொட அரை விநாடி ஆகும். இந்த அரை விநாடியை மட்டும் கணினியில் அனிமேஷனாகச் செய்து பார்ப்போம். எந்த அனிமேஷன் மென்பொருளைத் திறந்தாலும் முதல் நாளே எதிர்ப்படுகிற மூன்று விஷயங்கள் இதற்குள்ளேயே இருக்கின்றன: ஃப்ரேம் ரேட், கீஃப்ரேம், இன்டர்போலேஷன். நான் எடுத்துக்கொள்வது பிளெண்டர். இலவசமாகக் கிடைக்கிறது, இதில் கற்றது மற்ற மென்பொருள்களிலும் பெயர் மாறியோ மாறாமலோ கைகொடுக்கும்.

திரையில் அசைவு என்று எதுவும் கிடையாது. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக வந்து போகின்றன. நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை அசைவாக எடுத்துக்கொள்கின்றன. அப்படி வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். ஒரு விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதுதான் ஃப்ரேம் ரேட். சினிமாவில் 24. பேசும் படம் வந்த காலத்தில், 1920களின் இறுதியில், நிலைபெற்ற எண்ணிக்கை அது. நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கு 25. செல்போன் விளையாட்டுகள் பலவற்றில் 60. பிளெண்டரைப் புதிதாகத் திறந்தால் 24தான் இருக்கும். நாமும் அதையே வைத்துக்கொள்வோம். அப்படியானால் நம் அரை விநாடிக்கு 12 ஃப்ரேம்.

அந்தக் காலத்தில் இந்தப் படங்கள் எல்லாவற்றையும் கையால் வரைந்தார்கள். பெரிய ஸ்டூடியோக்களில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார்: பந்து உச்சியில், பந்து தரையில். இடையில் வரவேண்டிய படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். மூத்தவர் வரைந்தவைதான் கீஃப்ரேம்கள். உதவியாளர்களின் வேலையைக் கணினியிடம் கொடுத்தால், அது இன்டர்போலேஷன்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெயின் என்ற இருவர் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்துகாட்டினார்கள். அவர்கள் உருவாக்கிய முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் இயக்கிய ‘ஹங்கர்’ என்ற குறும்படம் 1974இல் வெளிவந்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஒரு கோட்டோவியம் கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து இன்னொன்றாக மாறுவதை அதில் பார்க்கலாம். இரண்டு ஓவியங்களைத்தான் மனிதர் கொடுத்திருப்பார். நடுவில் உள்ளதைக் கணினி கணக்குப் போட்டு நிரப்பியிருக்கும்.

கணக்குப் போட்டு என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். உதவி ஓவியருக்குப் பந்து எப்படி விழும் என்று தெரியும். கணினிக்குப் பந்து என்பதே தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு எண்களும், அவற்றுக்கு இடையே எத்தனை ஃப்ரேம் இருக்கிறது என்பதும்தான். புதிதாகப் படிக்க வருபவர்கள் படுகிற பாட்டில் பாதி, இதை மறந்துபோவதால் வருவது.

பந்துக்கு வருவோம். 10 செ.மீ. ஆரமுள்ள ஒரு கோளத்தைச் சேர்க்கிறோம். மென்பொருள் உயரத்தைப் பந்தின் மையத்திலிருந்து அளக்கும். ஆகவே பந்து தரையைத் தொடும்போது அதன் `Z` மதிப்பு 0.1 மீட்டர், 120 செ.மீ. மேலே இருக்கும்போது 1.3 மீட்டர். முதல் ஃப்ரேமில் நின்றுகொண்டு `Z` கட்டத்தில் 1.3 என்று கொடுத்து, அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்து `I` விசையை அழுத்தினால் ஒரு கீஃப்ரேம் பதிவாகிவிடும். அடுத்து 13ஆம் ஃப்ரேமுக்குப் போய் 0.1 கொடுத்து மறுபடி `I`. பன்னிரண்டு ஃப்ரேம் என்று சொல்லிவிட்டு 13க்குப் போவானேன்? 1இலிருந்து எண்ணத் தொடங்குவதால், 12 அடி எடுத்து வைத்தால் 13இல்தான் நிற்போம். ஓட்டிப் பாருங்கள், பந்து இறங்கும்.

இறங்கும், ஆனால் விழாது. மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, தரைக்கு அருகே வந்ததும் மறுபடி மெதுவாகி, தண்ணீருக்கு அடியில் மூழ்கும் பொருள்போல அலுங்காமல் அமர்ந்துவிடும். கடைசி ஃப்ரேமில் அது நகர்வது 2 செ.மீ. அளவே. காரணம், பிளெண்டர் தானாகத் தேர்ந்தெடுக்கும் `Bezier` என்ற நிரப்பும் முறை. இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்து இழைக்கும் வளைவு அது. கதவு திறப்பதற்கும் தலை திரும்புவதற்கும் அழகாகப் பொருந்தும். விழும் பந்துக்குப் பொருந்தாது.

`Graph Editor` என்ற பகுதியைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். அங்கே இடமிருந்து வலமாக ஃப்ரேம், கீழிருந்து மேலாக `Z` மதிப்பு. நம் பந்தின் கோடு சாய்ந்த எஸ் வடிவில் இருக்கும். கோடு செங்குத்தாக இருக்கும் இடத்தில் பந்துக்கு வேகம் அதிகம். படுத்திருக்கும் இடத்தில் குறைவு. இந்தக் கோட்டைப் படிக்கப் பழகிவிட்டால், படத்தை ஓட்டாமலே எங்கே பிசகு என்று சொல்லிவிடலாம்.

கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து `T` அழுத்தினால் வேறு முறைகளின் பட்டியல் வரும். `Constant` என்றால் நடுவில் எதையும் நிரப்பாது. பந்து உச்சியிலேயே நின்று 13ஆம் ஃப்ரேமில் சட்டென்று தரையில் இருக்கும். விளக்கு எரிவது, அணைவது போன்றவற்றுக்கு அது போதும். `Linear` என்றால் 120 செ.மீ.யைப் பன்னிரண்டாகச் சமமாகப் பங்கிடும்: ஃப்ரேமுக்கு 10 செ.மீ. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே வேகம். மின்தூக்கி இறங்குவது மாதிரி இருக்கும்.

புவியீர்ப்பின் கணக்கே வேறு. விழும் தூரம், நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். முதல் ஃப்ரேமில் பந்து விழுவது ஒரு செ.மீ.கூட இல்லை. பாதி நேரம், அதாவது 6 ஃப்ரேம், கடந்தபோதும் 30 செ.மீ.தான் விழுந்திருக்கும், மொத்தத் தூரத்தில் கால் பங்கு. கடைசி ஃப்ரேமில் மட்டும் 19 செ.மீ. பாய்ந்து தரையில் மோதும். இந்த வர்க்கக் கணக்கு பட்டியலிலேயே `Quadratic` என்ற பெயரில் இருக்கிறது. உச்சியில் உள்ள கீஃப்ரேமுக்கு அதைக் கொடுத்து, `Ctrl+E` அழுத்தி `Ease In` என்று தேர்ந்தெடுத்தால், மெதுவாகத் தொடங்கி வேகத்தோடு முடியும். நாம் ஒரு கீஃப்ரேமுக்குக் கொடுக்கும் முறை, அதிலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரையுள்ள பகுதிக்குத்தான் செல்லும். இது தெரியாமல் தரையில் உள்ள கீஃப்ரேமை மாற்றிவிட்டு, ஒன்றுமே ஆகவில்லையே என்று திகைப்பவர்கள் நிறைய.

பலர் வேறொரு வழிக்குப் போவார்கள். அசைவு சரியில்லையா, நடுநடுவே கீஃப்ரேம் வைத்துத் திருத்துவது. அப்போதைக்குச் சரியாவதுபோல் தோன்றும். பிறகு விழும் நேரத்தை இரண்டு ஃப்ரேம் கூட்ட வேண்டுமென்றால், வைத்த அத்தனையையும் நகர்த்த வேண்டும். கோடும் மேடும் பள்ளமுமாகி, பந்து நடுங்கும். இரண்டு கீஃப்ரேமும் சரியான வளைவும் செய்கிற வேலையைப் பத்து கீஃப்ரேம்களால் செய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இனி பந்து எழும்ப வேண்டும். தரையைத் தொட்ட கீஃப்ரேமுக்கும் `Quadratic` கொடுத்து, இம்முறை `Ease Out` தேர்ந்தெடுக்கிறோம்: வேகத்தோடு கிளம்பி, உச்சியில் மெதுவாகும். அடுத்த உச்சி எந்த ஃப்ரேமில்? இங்கேதான் ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். உயரத்தைக் குறைப்பார்கள், நேரத்தை அதே 12 ஃப்ரேமில் விட்டுவிடுவார்கள். 53 செ.மீ. மட்டும் எழும் பந்து அதற்கு அரை விநாடி எடுத்துக்கொண்டால், காற்றடைத்த பலூனைப்போல மிதக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. பந்துக்குக் கனமில்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். உயரம் குறைந்தால் நேரமும் குறைய வேண்டும். 53 செ.மீ.க்கு 8 ஃப்ரேம், அதற்கடுத்து 21 செ.மீ.க்கு 5 ஃப்ரேம். ஆக, 13இல் தரை, 21இல் உச்சி, 29இல் தரை, 34இல் உச்சி, 39இல் தரை. உச்சிகளுக்கு `Ease In`, தரைகளுக்கு `Ease Out`. இப்போது கோட்டைப் பார்த்தால் உச்சிகள் வளைந்தும், தரையைத் தொடும் இடங்கள் கூர்மையாகவும் இருக்கும். தரையருகே கோடு வளைந்திருந்தால் பந்து இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறது என்று பொருள்.

தரையைத் தொடும் கணம் ஒரு முழு ஃப்ரேமில் வரவேண்டியது அவசியம். அது இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே விழுந்தால், பந்து தரையைத் தொடும் படமே திரையில் வராது. தரைக்கு மேலேயே எதன்மீதோ பட்டுத் திரும்புவதுபோல் இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஃப்ரேம் ரேட்டை மாற்றினால் என்ன ஆகும்? பிளெண்டர் கீஃப்ரேமை விநாடிக் கணக்கில் நினைவில் வைப்பதில்லை. ஃப்ரேம் எண்ணில்தான் வைக்கிறது. 24ஐ 30 ஆக்கினால் அந்த 12 ஃப்ரேம் 0.4 விநாடியில் ஓடிவிடும். பந்தை யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். 24ஐ 25 ஆக்குவது ஒன்றுமில்லாத மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நிமிடப் படத்தில் உள்ள 1440 ஃப்ரேம் 57.6 விநாடியிலேயே தீர்ந்துவிடும். ஒலி அதே ஒரு நிமிடம்தான் ஓடும். கடைசியில் உதட்டசைவு குரலைவிட இரண்டு விநாடிக்கு மேல் முந்தியிருக்கும். அதனால் படம் எங்கே ஓடப்போகிறது என்று கேட்டு, முதல் கீஃப்ரேம் வைக்கும் முன்பே `Frame Rate` கட்டத்தில் எண்ணை முடிவுசெய்துவிட வேண்டும்.

வளைவு சரியாக இருந்தும் அசைவு கண்ணை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. நம் பந்தின் விட்டம் 20 செ.மீ.; கடைசி ஃப்ரேமில் அது 19 செ.மீ. நகர்கிறது. அடுத்தடுத்த படங்களில் பந்து ஏறக்குறைய ஒட்டி ஒட்டி நிற்பதால் கண் அதைத் தொடர்ந்து செல்கிறது. இதே பந்தை 5 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால், தரையை நெருங்கும்போது ஃப்ரேமுக்கு 40 செ.மீ. அளவு தாவும். இரண்டு பந்துகளுக்கு நடுவே இன்னொரு பந்து நுழையும் இடைவெளி இருப்பதால், பந்து விட்டுவிட்டுத் தெரியும். கீஃப்ரேமைத் தொட்டு இதைத் தீர்க்க முடியாது. 24 என்ற எண்ணின் எல்லை இது. விநாடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்து, கீஃப்ரேம்களையும் அதற்கேற்பத் தள்ளி வைத்தால் தாவல் 16 செ.மீ. ஆகும். சினிமாவுக்காக 24இலேயே இருக்க வேண்டுமானால் `Motion Blur` என்ற வசதியை இயக்கலாம். கேமராவில் எடுத்த படத்தில் வேகமாகப் போகும் பொருள் இழுபட்டுத் தெரிவதுபோல, அது பந்தைப் போகும் திசையில் மங்கலாக நீட்டி அந்த இடைவெளியை நிரப்பிவிடும்.